வெண்டைக்காய் நூல் விடாமல் வதக்க: ஈரம் போக்குவதும் புளிப்பு சேர்ப்பதும்

சுங்கை சிப்புட் பாசாரில் காய்கறி விற்பவர்கள் வெண்டைக்காய்க் கூடை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வெயில் ஏறினால் காய் வாடிவிடும், வாடினால் யாரும் வாங்கமாட்டார்கள், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மதியம் நம் வீட்டுச் சட்டியில் வெண்டைக்காய் கூழாகத் திரள்வது அந்தத் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறது. நான் வழக்கமாக வாங்கும் கடையில் அந்த அக்காவே ஒருநாள் சொன்னார்: "பெரட்டலுக்குன்னா அடியில இருக்கறத எடுத்துக்கம்மா, மேல இருக்கறது நனைஞ்சிருக்கு." அன்றிலிருந்து குழம்புக்கு மேல்காய், பிரட்டலுக்கு அடிக்காய் என்று பிரித்தே வாங்குகிறேன்.

இந்த வழிகாட்டி பிரட்டலைப் பற்றியது. எண்ணெயில் வதக்கி, துண்டு துண்டாகத் தனித்து நிற்கும்படி எடுப்பதுதான் வெண்டைக்காயில் கடினமான வேலை. அது கைவந்துவிட்டால் மீன் குழம்பில் போடுவதும் எளிதாகிவிடும். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

அந்த வழவழப்பு என்ன

வெண்டைக்காயின் சதைக்குள் நீண்ட சங்கிலி போன்ற மாச்சத்துப் பொருள் ஒன்று இருக்கிறது. காய் முழுசாக இருக்கும்வரை அது உள்ளேயே அடங்கிக் கிடக்கும். கத்தி பட்டதும் வெட்டுவாயில் கசியும். அங்கே தண்ணீர் கிடைத்தால் அதைக் குடித்து ஊதிப் பரவி, பக்கத்துத் துண்டுகளையும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கிடைக்காவிட்டால் வெட்டுவாயிலேயே மெல்லிய ஆடையாக உலர்ந்துவிடும். ஈரம் போக்கச் சொல்வது இதற்காகத்தான்.

புளிப்பு செய்வது வேறு வேலை. அந்தச் சங்கிலி நெடுக ஒரே வகையான மின்னேற்றம் உள்ள இடங்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி நீட்டி நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போதுதான் நமக்கு நூல் தெரிகிறது. புளிப்பு பட்டால் அந்த மின்னேற்றம் அடங்கிவிடும், சங்கிலி சுருண்டுகொள்ளும், நூல் அறுந்துவிடும். பொருள் எங்கும் போய்விடுவதில்லை, அதன் இழுவைதான் போகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. என் அப்பா பால்மரம் வெட்டியவர். மங்கில் சேர்ந்த பால் சீக்கிரம் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதும், ஷீட் போடுவதற்கு உறைய வைக்க ஆசிட் ஊற்றுவதும் எங்கள் வீட்டுப் பேச்சில் சாதாரணமாக வரும். அங்கேயும் ஆசிட் செய்வது இதேதான், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும் துகள்களின் மின்னேற்றத்தை அடக்குகிறது. விளைவு மட்டும் வேறு. ரப்பர் பால் கட்டியாகிறது, வெண்டைக்காயின் கோழை இளகுகிறது. அம்மோனியா பாலை உறையவிடாமல் வைத்திருப்பது போல, சமையல் சோடா வெண்டைக்காயின் கோழையை இளகவிடாமல் வைத்திருக்கும். பச்சை நிறம் மங்காமல் இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை சோடா போடுபவர்கள் இருக்கிறார்கள். வெண்டைக்காயில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். காய் குழைந்து, வழவழப்பு முன்னைவிட மோசமாகும்.

கழுவி உலர்த்துதல்

ஒரு சனிக்கிழமைச் சமையலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 300 கிராம் வெண்டைக்காய், கிட்டத்தட்ட 25 காய். எல்லாம் விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதல், நுனி அழுத்தினால் பட்டென்று ஒடியும் இளசு. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன், சாப்பாடு ஒரு மணிக்கு. வெட்டும் வேலை பதினொன்றரைக்குத்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கழுவுவது வந்தவுடன். காயை முழுசாக, காம்பு கிள்ளாமல், ஓடும் தண்ணீரில் உள்ளங்கையால் உருட்டித் தேய்த்தால் போதும். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். காம்பை நறுக்கிவிட்டுக் கழுவுவது எல்லாவற்றையும்விட மோசம், திறந்த வாய் வழியாகத் தண்ணீர் நேராக உள்ளே போகும்.

கழுவிய காயை வடிதட்டில் குவித்து வைத்தால் அது காயாது. நம் ஊர்க் காற்றே ஈரக்காற்று. அதுவும் அக்டோபர், நவம்பரில் மாலை தவறாமல் மழை பெய்யும் நாட்களில், குவியலுக்கு நடுவில் இருக்கும் காய் மூன்று மணி நேரம் கழித்தும் நனைந்தபடியே இருக்கும். பழைய பருத்திக் கைலி ஒன்றை மேசையில் விரித்து, காய்களை ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஒரே வரிசையாகப் பரப்பி, மேலே காற்றாடியைப் போட்டுவிடுவேன். அரை மணி கழித்துக் கைலியின் இன்னொரு பாதியால் ஒவ்வொரு காயாகத் துடைப்பேன். 25 காய்க்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்புறம் மறுபடியும் காற்றாடிக்குக் கீழே.

காய் பார்க்கக் காய்ந்திருக்கும், ஆனால் இரண்டு இடங்களில் தண்ணீர் ஒளிந்திருக்கும். ஒன்று காம்புத் தொப்பியைச் சுற்றியுள்ள வளையம். இன்னொன்று காயின் நீளப் பள்ளங்கள், அங்கே இருக்கும் மெல்லிய ரோமம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த டிஷு ஒன்றைத் தொப்பி வளையத்தில் சுற்றி அழுத்திப் பாருங்கள். புள்ளி விழுந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. நான் நாலைந்து காயை இப்படிச் சோதித்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன்.

ஐஸ் பெட்டியில் வைத்த காயில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. முந்தின நாளே கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்தவுடன் வெட்டுகிறார்கள். இத்தனை செய்தும் ஏன் கொழகொழவென்று வருகிறது என்று கேட்கிறார்கள். வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அந்தக் காயைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருக்கும். குளிர்ந்த பானம் உள்ள கிளாஸ் வியர்ப்பது போலத்தான். நம் ஊரில் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மேலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஆகவே பெட்டியிலிருந்து எடுத்த காயை முக்கால் மணி நேரம் கைலியில் பரப்பி வையுங்கள். கைக்குக் குளிர்ச்சி தெரியாமல் போன பிறகு துடையுங்கள். அதற்கு முன்னால் துடைத்தால் மறுபடியும் வியர்க்கும்.

பெட்டியில் நெடுநாள் வைப்பதும் நல்லதல்ல. வெண்டைக்காய்க்கு அவ்வளவு குளிர் ஆகாது, 7 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் இருந்தால் தோலில் பள்ளம் விழும், கருக்கும், மேலேயே பிசுபிசுக்கும். செய்தித்தாளில் சுற்றிக் காய்கறித் தட்டில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுவது நல்லது. மேலே பிசுபிசுத்த காயை எந்தப் புளியும் சரி செய்யாது.

வெட்டுதல்

கத்தி, பலகை, கை மூன்றும் காய்ந்திருக்க வேண்டும். வெட்டிக்கொண்டே போகும்போது கத்தியில் கோழை சேரும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். குழாயில் காட்டிவிட்டு ஈரத்தோடு வந்தால் அதுவரை செய்த வேலை வீண்.

துண்டு எவ்வளவு பெரிது என்பது முக்கியம். கோழை கசிவது வெட்டுவாயில்தான். ஒரு காயை அரை சென்டிமீட்டர் வட்டங்களாக நறுக்கினால் இருபது வாய் திறக்கும், இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் ஐந்தாறு வாய்தான். பொடியாக நறுக்கினால் சீக்கிரம் மொறுமொறுக்கும் என்பது உண்மை, ஆனால் அதற்கு எண்ணெய் நிறைய வேண்டும். இரண்டு கரண்டி எண்ணெயில் வதக்குவதற்கு இரண்டு சென்டிமீட்டர் துண்டுதான் சரி என்பது என் அனுபவம்.

வெட்டிய துண்டுகளை அகலமான தட்டில் பரப்பி, இன்னொரு இருபது நிமிடம் காற்றாடிக்குக் கீழே விடுங்கள். முதல் உலர்த்தல் தோலுக்கு, இது வெட்டுவாய்க்கு. விரலால் தொட்டால் வழுக்காமல் இலேசாக ஒட்டும் பதத்துக்கு வந்திருக்கும். அதுதான் அடையாளம். இந்த நேரத்தில் உப்பு, மஞ்சள் எதுவும் பிசறி வைக்காதீர்கள். உப்பு காயின் உள்நீரை வெளியே இழுத்துவிடும். வெண்டைக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், இழுக்க நிறையவே இருக்கிறது.

வதக்குதலும் புளிப்பு சேர்க்கும் நேரமும்

அகலமான சட்டி வேண்டும். 300 கிராம் காய்க்கு 28 சென்டிமீட்டர் வாயுள்ள தட்டையான சட்டி சரியாக இருக்கும். துண்டுகள் ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். குவிந்தால் அடியில் இருக்கும் துண்டின் ஆவி மேலே இருக்கும் துண்டை அவிக்கும். இரும்புக் குவாலியை நான் இதற்கு எடுப்பதில்லை. இரும்பும் புளியும் சேர்ந்தால் காய் கறுத்துவிடும்.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். உடனே சீறினால் எல்லாவற்றையும் போடலாம். நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீ. போட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் தொடக்கூடாது. அடிப்பக்கம் சிவந்து ஆடை கட்டிய பிறகு ஒரு தரம் திருப்பி, மறுபடியும் ஒரு நிமிடம் விடுங்கள். கிளறக் கிளறத் துண்டு உடையும், கோழையும் எல்லாத் துண்டின் மேலும் பூசிக்கொள்ளும். மூடவே கூடாது. மூடியில் சேரும் ஆவி தண்ணீராகத் திரும்பச் சட்டிக்குள்தான் விழும்.

மூன்று நான்கு நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் வெள்ளை நூல் நூலாக இழுக்கும். எவ்வளவு நன்றாக உலர்த்தினாலும் இந்தக் கட்டம் வந்தே தீரும், ஏனென்றால் காயின் சொந்த நீர் இப்போதுதான் வெளியே வருகிறது. பலர் இங்கேதான் பயந்து, ஒட்டுகிறதே என்று தண்ணீர் தெளிக்கிறார்கள், அல்லது விடாமல் கிளறுகிறார்கள். இரண்டும் வேண்டாம். புளிப்பு சேர்க்க வேண்டிய நேரம் இதுதான்.

அன்று நான் சேர்த்தது புளி. சிறிய கோலிக்குண்டு அளவு புளியை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்துப் பிழிந்ததில், ஒரு மேசைக்கரண்டி கெட்டிக் கரைசல் கிடைத்தது. அதைச் சட்டி முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தெளித்து, ஒரே ஒரு தரம் பிரட்டிவிட்டேன். கரைசல் கெட்டியாக இருப்பது அவசியம். நீர்த்த புளித்தண்ணீர் ஒரு கப் ஊற்றினால் புளிப்பு ஒரு பக்கம் வேலை செய்யும், தண்ணீர் இன்னொரு பக்கம் அதைக் கெடுக்கும்.

தெளித்த ஒரு நிமிடத்தில் நூல் நீளம் குறைகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் நூல் வராது, ஈரப்பசை மட்டும் தெரியும். சத்தமும் மாறும். முதலில் சட்டியில் கேட்டது தண்ணீர் கொதிக்கும் புசுபுசுப்பு, இப்போது கேட்பது எண்ணெய் பொரியும் சத்தம். அந்த மாற்றம் வந்த பிறகுதான் முக்கால் தேக்கரண்டி உப்பு. தனியாக வதக்கி வைத்திருந்த ஒரு பெரிய வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் அப்போது சேர்த்தேன். மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி. தூளை நூல் விடும் கட்டத்தில் போட்டால் அது கோழையோடு சேர்ந்து களியாகும், பிறகு அடிப்பிடித்துக் கருகும். தூள் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். ஆக மொத்தம் அடுப்பில் எட்டு ஒன்பது நிமிடம்.

புளிப்பை முதலிலேயே, காயோடு சேர்த்துப் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், நூல் குறையும். ஆனால் காய் வேகாது. புளிப்பு காய்கறியின் சதை இளகுவதைத் தடுக்கும். முற்றின காயாக இருந்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் நார் நாராகவே இருக்கும். நிறமும் சீக்கிரம் பழுப்பு கலந்த பச்சையாக மாறும். பாதி வெந்து நூல் விடும் நேரத்தில் சேர்த்தால் இந்த இரண்டும் அவ்வளவாகத் தெரியாது. நிறம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

எந்தப் புளிப்பு

லீமாவ் நிப்பிஸ் சாறு என்றால் 300 கிராமுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. லீமாவ் கஸ்தூரி என்றால் மூன்று சிறிய பழம், விதை விழாமல் வடிகட்டியில் பிழியுங்கள், விதை கசக்கும். மஞ்சள் மட்டும் போட்ட, காரமில்லாத வெள்ளைப் பிரட்டலுக்கு இந்த இரண்டும் புளியைவிட நல்லது, நிறம் கெடுவதும் குறைவு. காடி இருந்தால் ஒரு தேக்கரண்டி போதும், அதன் வாசம் எனக்குப் பிடிப்பதில்லை.

தக்காளியை நம்ப வேண்டாம். அதில் புளிப்பைவிடத் தண்ணீர் அதிகம். தக்காளி போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அதைத் தனியாக வதக்கி, எண்ணெய் பிரிந்து தொக்கு போல ஆன பிறகு வெண்டைக்காயில் சேருங்கள். மலாய்க்காரர் சமையலில் வரும் ஆசாம் கெப்பிங் நல்ல புளிப்பு, ஆனால் அந்தக் காய்ந்த வில்லையிலிருந்து புளிப்பு இறங்குவதற்குக் குழம்பு கொதிக்க வேண்டும். வறண்ட பிரட்டலில் போட்டால் வில்லை கருகும், புளிப்பு இறங்காது. தயிர் பச்சடிக்கு, அடுப்பை அணைத்து வதக்கல் ஆறிய பிறகு கலப்பதற்கு மட்டும்.

நிறையப் பேருக்குச் சமைக்கும்போது

ஒரு கோயில் பூசைக்கு மூன்று கிலோ வெண்டைக்காய்ப் பிரட்டல் என் பொறுப்பில் வந்தது. விடியற்காலையில் கழுவி, நேரமில்லை என்று வடிதட்டில் குவித்து, அரை மணியில் நறுக்கி, பெரிய சட்டியில் ஒரேயடியாகக் கொட்டினோம். பத்து நிமிடத்தில் அது பிரட்டலாக இல்லை, பச்சை நிறக் கஞ்சி. புளியைக் கூட்டிக் கூட்டி ஊற்றியதில் நூல் அறுந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத புளிப்பு. புளிப்பு நூலைத்தான் அறுக்கும், தண்ணீரை அது ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

இப்போது அந்த அளவுக்குச் செய்வதானால் முந்தின நாள் மாலையே கழுவி, இரவு முழுக்கக் காற்றாடிக்குக் கீழே பாயில் துணி விரித்துப் பரப்பிவிடுவேன். காய் சற்று வாடும், பிரட்டலுக்கு அந்த வாட்டம் நல்லதுதான். அரை அரைக் கிலோவாக ஆறு தரம் வதக்கி, ஒவ்வொரு தரமும் நூல் அறுந்த பிறகு அகலத் தட்டில் கொட்டி ஆறவிடுவேன். மசாலாவோடு கடைசியில் ஒன்றாகப் பிரட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். சூட்டோடு பாத்திரத்தில் அடைத்து மூடி வைத்தால் ஆவி படிந்து மறுபடியும் பிசுபிசுக்கும். பரிமாறும்வரை வெள்ளைத் துணியால் மட்டும் மூடுங்கள்.

மீன் குழம்பில்

குழம்புக்குக் காயை வெட்டவே வேண்டாம். தொப்பியைப் பென்சில் சீவுவது போலக் கூம்பாகச் சீவுங்கள், விதை அறை திறந்துவிடக்கூடாது. சீவிய இடத்தில் ஓட்டை தெரிந்தால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம், அந்தக் காயைப் பிரட்டலுக்கு ஒதுக்குங்கள். முழுக்காயை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் தோல் அங்கங்கே கொப்புளித்துப் பழுக்கும்வரை நான்கைந்து நிமிடம் வதக்கித் தனியே வையுங்கள். குழம்பு புளியோடு கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு காயைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து மீனைப் போடுங்கள். மீன் வேகும் ஆறேழு நிமிடத்தில் காயும் பதமாகிவிடும். முன்னதாக வதக்காமல் புளிக்குழம்பில் நேராகப் போட்டால் காய் விறைத்தே நிற்கும்.

எங்காவது ஒரு காய் வெடித்துக் குழம்பு கொழகொழத்தால், தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்காதீர்கள், கொழகொழப்பு பரவத்தான் செய்யும். வெடித்த காயை எடுத்துவிட்டு, கெட்டிப் புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, மூடாமல் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் குழம்பைப் பூசி விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் ஓரம் நூலாக வழியாமல் நின்றால் அடுப்பை அணைக்கலாம்.